மூப்பன் மகள் யார்? ஓர் அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குத் திறந்த மடல்

நண்பர்களே, என் அம்மாயி மறைந்தபின் எனக்கு வந்து சேர்ந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று வெற்றிலைப் பெட்டி. மற்றொன்று, கொழிஞ்சாம்பாறை வீட்டின் நடுக்கூடத்தில் முன்னோர் படங்களின் வரிசையில் தொங்கிக்கொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் உருவப்படம். அப்படத்தைப் பற்றி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவுக்கு நான் எழுதிய மடலை இங்கே பகிர்கிறேன். பழம்படங்களில் இருப்போர் யார் என்ற வினாவை நாம் எப்படிக் கேட்க வேண்டும், எந்த விடையை விடையாக ஏற்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அது மடலுக்குள்ளேயே இருக்கிறது. படத்தை மட்டும் இங்கே இடவில்லை. அதற்கான காரணமும் மடலில் உள்ளது.

பெருமதிப்பிற்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மொழியியலில் முதுகலை முடித்து, பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழ் வழக்குகளை முனைவர் பட்டத்திற்காக ஆய்ந்து வருகிறேன். இம்மடல் என் ஆய்வைப் பற்றியதன்று. எங்கள் குடும்பத்திடம் உள்ள ஓர் உருவப்படத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி உங்கள் பதிவேடுகள் ஏதேனும் சொல்கின்றனவா என்று கேட்கவே எழுதுகிறேன்.

முதலில் படத்தைச் சொல்கிறேன். ஏறத்தாழ நான்கு அங்குல அகலமும் ஐந்தரை அங்குல உயரமும் கொண்ட ஒளிப்படம், தடித்த அட்டையில் ஒட்டப்பட்டுள்ளது. அட்டையில் எந்த ஒளிப்பட நிலையத்தின் முத்திரையும் இல்லை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் தரையில் அமர்ந்திருக்கிறார். பின்னால் கம்பளி போன்ற துணி தொங்கவிடப்பட்டுள்ளது. முகம் சற்றே வலப்புறம் திரும்பியிருக்கிறது. வாய் மூடியிருக்கிறது. தோளில் துணி முடிச்சிடப்பட்டுள்ளது. கொண்டையின் பின்புறத்தில் செருகிய சீப்பின் விளிம்பு தலைக்கு மேல் எட்டிப் பார்க்கிறது.

இது ஏதேனும் ஒரு நூலிலிருந்து வெட்டி எடுத்த பக்கமாக இருக்கலாம் என்பதே என் முதல் ஐயம். எனவே சட்டத்தைக் கழற்றியதும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பார்த்தேன். அச்சிட்ட படமாக இருந்தால் கறுப்பும் சாம்பலும் ஒழுங்கான சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். இங்கே புள்ளிகள் இல்லை. நிழல் இடைவெளியின்றிப் படர்ந்திருக்கிறது. ஆகவே இது நெகட்டிவிலிருந்து எடுத்த ஒளிப்படம்தான். அடுத்து, முட்டைவெண்கருத் தாளில் எடுத்த பழைய படமாயின் தாளின் நார்கள் படத்தினூடே தெரியும், படமும் மஞ்சளித்திருக்கும். இங்கே நார்கள் தெரியவில்லை. இருண்ட பகுதிகளின் ஓரங்களில், சாய்த்துப் பார்த்தால், நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரிகிறது. ஜெலட்டின் பூசிய தாளில் வெள்ளி மேலெழும்பும்போது தோன்றும் அடையாளம் அது. அத்தகைய தாள் பரவலாகப் புழங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னர் என்பதால், படியும் அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும். ஆனால் இது தாளின் காலமே தவிர, நெகட்டிவின் காலம் அன்று. பழைய நெகட்டிவிலிருந்து பல்லாண்டுகள் கழித்தும் புதுப் படி எடுக்கலாம்.

அட்டையின் பின்புறம் இரண்டு எழுத்துகள் உள்ளன. ஒரு மூலையில் பென்சிலால் 17 என்ற எண். நடுவில் மையால் தமிழில் இரண்டே வரி: "ஆனைமலை", அதன் கீழே "மூப்பன் மகள்". இரண்டும் ஒரே கையெழுத்தா என்று சொல்ல இயலாது. ஒன்று எண், மற்றது எழுத்து. "ஆனைமலை" என்பதில் வரும் னை, லை இரண்டும் பழைய வடிவில், ஐகாரக் கொம்பு எழுத்தோடு பிணைந்து துதிக்கைபோல் வளைந்திருக்கின்றன. 1978-இல் தமிழக அரசு மாற்றிய வடிவங்கள் அவை. இதைக் கொண்டு காலத்தைக் கணிக்க நான் துணியவில்லை. பழைய வடிவில் எழுதப் பழகியவர்கள் அரசாணைக்குப் பிறகும் அப்படியே எழுதினார்கள்; என் அம்மாயி இறக்கும்வரை அப்படித்தான் எழுதினார்.

இனி எங்கள் வீட்டில் வழங்கும் கதைகள். அம்மாயியின் தந்தை, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பரம்பிக்குளத்தில் கொச்சி வன டிராம்வேயில் கணக்கெழுதியவர். பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு அமைத்த அந்தப் பாதை 1907 முதல் 1963 வரை ஓடியது. படத்தில் இருப்பவர் கொள்ளுத்தாத்தாவைப் பெற்ற தாய் என்று அம்மாயி சொல்வார். ஆடி அமாவாசை அன்று மற்றப் படங்களுக்கு வைப்பதுபோலவே இதற்கும் பொட்டு வைத்துக் கும்பிடுவார். மறையூரில் வாழும் என் பெரியம்மாவோ இதை மறுக்கிறார். "தோள்முடிச்சைப் பார்த்தாலே தெரியலையா கண்ணு? அது முதுவத்தி. பிள்ளையை முதுகிலே கட்டத்தான் அப்படி முடிவாங்க" என்பது அவர் வாதம். கொள்ளுத்தாத்தா காய்ச்சலில் கிடந்தபோது மலையில் ஒரு பெண் அவரைக் காப்பாற்றினார், அவருடைய படத்தை நன்றிக்காக வாங்கி வைத்தார் என்பது பெரியம்மா கேட்ட கதை.

இவ்விரு கதைகளில் ஒன்றைப் படமே தீர்த்துவிடும் என்று நானும் முதலில் நம்பினேன். சீப்பைக் கண்டதும் காடர் என்று முடிவு கட்டினேன். காடர் ஆண்கள் மூங்கிலில் சீப்புச் செதுக்கித் தம் மணப்பெண்ணுக்குக் கொடுப்பதும், பெண்கள் அதைக் கொண்டையில் அணிவதும் பல நூல்களில் பதிவானவை. பின்னர்தான், முதுவர் பெண்களுக்கும் மூங்கில் சீப்பு உண்டு என்பதை அறிந்தேன். காடரிடம் முன்பற்களைக் கூராக்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அது தெரிந்திருந்தால் ஐயம் நீங்கியிருக்கும். இவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். படம் சொல்ல மறுப்பதை நாம் சொல்லவைக்க முடியாது.

எனவே எழுதப்பட்டதைத்தான் நாட வேண்டியிருக்கிறது. உங்கள் அருங்காட்சியகத்தை நாடுவதற்கான காரணம் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த அவர், ஆனைமலைக் காடரை அளந்து, படமெடுத்து, 1899-இல் அருங்காட்சியக வெளியீடு ஒன்றில் எழுதினார். அதே செய்திகள் விரிந்து, 1909-இல் ரங்காச்சாரியின் துணையுடன் வெளிவந்த ஏழு தொகுதிகளிலும் இடம்பெற்றன. மலையின் மறுபக்கம் கொச்சி இராச்சியம். அங்கே அப்பணியைச் செய்தவர் பாலக்காட்டு லட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். அவருடைய நூல் 1909-இலும் 1912-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. காடு ஒன்று, மக்களும் ஒருவரே. அரசு இரண்டு, ஆவணக் காப்பகமும் இரண்டு. அதனால் இம்மடலின் படி ஒன்றைத் திருச்சூர் அருங்காட்சியகத்திற்கும் அனுப்புகிறேன். தேடுவோருக்கு ஒரு சிறு செய்தி: ஒரே மக்களின் பெயரைத் தர்ஸ்டன் Kadir என்றும், ஐயர் Kadar என்றும் எழுதினர். பட்டியலில் ஒன்றை மட்டும் தட்டித் தேடினால் பாதி கிடைக்காது.

இப்போது என் வினாக்களைச் சொல்கிறேன்.

முதல் வினா, இப்படத்தின் நெகட்டிவோ வேறு படியோ உங்களிடம் உள்ளதா என்பது. உள்ளதெனில், 17 என்ற எண் நெகட்டிவ் பதிவேட்டின் எண்ணா, அளக்கப்பட்டவரின் வரிசை எண்ணா, அல்லது படத்தை விற்றவர் இட்ட எண்ணா? அளவெடுப்பிற்காகப் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒருவரை நேராகவும் பக்கவாட்டிலும் என இருமுறை எடுத்தனர். எங்கள் படம் இரண்டுமன்று. முகம் சாய்ந்திருக்கிறது, கைகள் மடியில் கிடக்கின்றன. இது அளவெடுப்போடு தொடர்பில்லாத படமாக இருக்கவும் கூடும். ஆனால் இதே பெண், இதே கம்பளியின் முன், நேர்முகமாக அமர்ந்த படம் உங்களிடம் இருந்தால் எல்லாம் மாறிவிடும். ஆகவே முகத்தை மட்டும் ஒப்பிடாமல் பின்துணியின் மடிப்பையும் ஒப்பிட வேண்டுகிறேன். முகம் ஒத்திருப்பதாகத் தோன்றுவது எளிது. ஒரே துணி ஒரே மடிப்பில் தொங்குவது தற்செயலாக நேராது.

இரண்டாம் வினா, நூலில் வராத எழுத்துகள் பற்றியது. களக் குறிப்பேடுகள், பயணச் செலவுக் கணக்குகள், அளவுப் பட்டியல்களின் கைப்படிகள் எஞ்சியுள்ளனவா? அச்சு நூலில் தனியாள் சராசரிக்குள் கரைந்துவிடுகிறார். கணக்கேடு அப்படிச் செய்யாது. அமர்ந்தவருக்கு ஏதேனும் கூலி கொடுத்து அது அரசுக் கணக்கில் ஏறியிருந்தால், யாருக்குக் கொடுத்தது என்று ஒருவர் எழுதியிருக்க வேண்டும். அறிவியலுக்குத் தேவைப்படாத பெயர் தணிக்கைக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது, வினாவன்று, வேண்டுகோள். இதுவே எனக்கு முதன்மையானது. இப்படத்தைப் பற்றி நீங்கள் எழுதும் விடை "காடர் பெண்" என்பதோடு முடிந்துவிட வேண்டாம்.

தொல்காப்பியம் பெயர்களைப் பிரிக்கும்போது இயற்பெயரையும் முறைப்பெயரையும் வேறுபடுத்துகிறது. மகள் என்பது முறைப்பெயர். அது தனியே நிற்காது. யாருடைய மகள் என்று கேட்கவைக்கும். எங்கள் அட்டையின் பின்புறம் எழுதியவர் இப்பெண்ணின் இயற்பெயரை அறிந்திருக்கவில்லை, அல்லது எழுதத் தேவையில்லை என்று எண்ணினார். ஆயினும் அவர் ஓர் உறவைச் சொல்லிவிட்டார். மூப்பன் என்பது காடர் ஊர்த்தலைவரின் பதவிப்பெயர். வனத்துறையினர் தேனும் ஏலமும் திரட்டுவதற்கு மூப்பன் வழியாகவே பேசுவது வழக்கம் என்பதால், மூப்பன்களின் பெயர் அலுவலகத் தாள்களில் ஏற வாய்ப்பு மிகுதி. இப்பெண்ணின் பெயரை அடையும் வழி அவருடைய தந்தையின் பெயர் வழியாக இருக்கலாம். அதே சொல் வழிதவறவும் செய்யும். இருளரிடமும் மூப்பன் உண்டு. சமவெளியிலும் அப்பட்டம் கொண்ட குடிகள் உண்டு. ஆகவே இதைச் சான்று என்று சொல்லவில்லை. தேடத் தொடங்குவதற்கான ஒரு முனை என்று மட்டுமே சொல்கிறேன்.

"காடர் பெண்" என்ற தலைப்பு அப்படி எந்த முனையையும் தருவதில்லை. அது யாருடைய மகள், எந்த ஊர் என்ற கேள்விகளை எழுப்பாமலே விடை சொல்லிவிட்டதான தோற்றத்தைத் தருகிறது. அக்காலத்தில் ஒரு ஜமீன்தாரின் படத்தின் கீழ் அவர் பெயரை விட்டுவிட்டு அவர் சாதியை மட்டும் எழுதியிருந்தால், பிழை என்று எவரும் சொல்லியிருப்பர். மலைக்குடிப் பெண்ணின் படத்தில் அது பிழையாகத் தோன்றாததற்குக் காரணம், அங்கே தேடப்பட்டது ஆள் அன்று, வகை. அமர்ந்தவர்கள் இதை உணராமலும் இல்லை. வயநாட்டில் தம்மைக் கண்டு பணியர் பெண்கள் ஓடினர் என்றும், தம்முள் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினர் என்றும் தர்ஸ்டனே எழுதிச் சிரிக்கிறார். அப்பெண்களின் அச்சத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் போய் உடல் மட்டும் நின்றுவிடும் என்று அவர்கள் நினைத்தது, ஒளிப்படத்தைப் பொறுத்தவரை, ஏறத்தாழ நடந்தேவிட்டது.

பதிவேட்டில் இதைத் திருத்துவது கடினமன்று. ஓர் உருவப்படத்திற்கு நான்கு செய்திகள் தனித்தனியே வேண்டும்: படத்தின்மேல் கையால் எழுதியுள்ளது என்ன, அச்சு நூலில் இட்ட தலைப்பு என்ன, பிற்காலத்தில் யார், எந்த ஆண்டு, எதைக் கொண்டு அடையாளம் சொன்னார், அமர்ந்தவரின் பெயர் என்ன. கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கலாம். ஆனால் கட்டம் இருக்க வேண்டும். வெறுமையான கட்டம், இன்னும் தேடவேண்டும் என்று அடுத்து வருபவருக்குச் சொல்லும். கட்டமே இல்லாத பதிவேடு, தேட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறது. கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் 2000-களின் தொடக்கத்தில் தம்மிடமிருந்த இனுயிட் மக்களின் படங்களை வடபகுதி ஊர்களுக்கு எடுத்துச் சென்று முதியோரிடம் காட்டியபோது, பெயரின்றிக் கிடந்த பலர் பெயர் பெற்றனர். அவை பெரும்பாலும் உயிரோடிருப்போர் நினைவுக்குள் அடங்கும் படங்கள். எங்கள் படம் எடுக்கப்பட்ட காலத்தவர் இன்று எவரும் இல்லை. ஆதலால் முகத்தைக் கண்டு பெயர் சொல்வார் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூப்பன்களின் வழிமுறை நினைவில் இருக்கலாம். அதைக் கேட்க வேண்டிய இடம் பரம்பிக்குளத்துக் குடியிருப்புகள்.

அதனால்தான் இப்படத்தை நான் பொதுவெளியில் இடவில்லை. முதலில் பார்க்க உரிமையுள்ளவர்கள் அங்கே இருக்கிறார்கள். படியோடு நேரில் சென்று கேட்பதாக இருக்கிறேன். உங்களிடம் இதன் நெகட்டிவ் இருந்தாலும், அவர்களைக் கேட்ட பின்னரே இணையத்தில் ஏற்றுமாறு வேண்டுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாயியின் கதை உண்மையாக இருக்கலாம் என்று கேட்டதும், உறவினர் ஒருவர், "அருங்காட்சியகத்திலிருந்து காடர் என்று எழுதி வாங்கிவிடு, சாதிச் சான்றிதழுக்கு ஆகும்" என்றார். கேரளத்தில் அத்தகைய கோரிக்கைகளைக் கிர்த்தாட்ஸ் நிறுவனத்தின் மானிடவியலாளர்கள் விசாரித்தே அறிக்கை தருகிறார்கள். ஒரு படத்தின் தலைப்பு அங்கே எடுபடாது என்பது வேறு. எடுபட்டாலும் அதை நான் செய்ய மாட்டேன். படத்தில் இருப்பவர் காடர் என்று நாளை உறுதியானாலும், அவர் எங்கள் முன்னோர் என்று ஆகிவிடாது. அவர் எங்கள் முன்னோர் என்றே ஆனாலும், அவருடைய மக்கள் பட்ட இழப்பு எதையும் பட்டறியாமல் சமவெளியில் வளர்ந்த எனக்கு அவர்களுக்குரிய இடத்தில் பங்கு கிடையாது. ஆகவே உங்கள் விடை, தெரிந்ததற்கு ஒரு சொல்லும் மிகாமல் இருக்கட்டும். எங்கள் குடும்பத்தின் விருப்பத்திற்காக எதையும் கூட்ட வேண்டாம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே விடையானால் அதையும் எழுதுங்கள். எந்தப் பதிவேடுகளைப் பார்த்தீர்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த தலைமுறையில் எவரேனும் கேட்கும்போது அந்த இடங்களை விட்டு வேறிடத்தில் தொடங்குவர்.

படத்தின் முன்புறம், பின்புறம் இரண்டின் படிகளையும் அளவுகோல் வைத்து எடுத்து இணைத்துள்ளேன். அட்டையிலிருந்து ஒளிப்படத்தைப் பிரிக்கவில்லை. ஒட்டிய பகுதிக்கு அடியில் எழுத்து இருக்கக்கூடும் என்ற ஆசை இருந்தாலும், பிரித்தால் ஜெலட்டின் படலம் கிழியும் என்பதால் கைவைக்கவில்லை. அதற்குரிய வல்லுநர் உங்களிடம் இருப்பின், படத்தோடு நானே எழும்பூருக்கு வருகிறேன்.

இவ்வாண்டு ஆடி அமாவாசைக்குப் பெரியம்மா மறையூரிலிருந்து வந்திருந்தார். படம் இப்போது என் அறையில் இருக்கிறது. முதுவத்தி என்று இத்தனை ஆண்டு வாதிட்டவர், அம்மாயி வைத்த இடத்திலேயே பொட்டு வைத்துவிட்டு, "யாரா இருந்தா என்ன, பேரு தெரிஞ்சா பேரைச் சொல்லிக் கும்பிடலாம்" என்றார். என் கோரிக்கையும் அவ்வளவுதான்.

தங்கள் உண்மையுள்ள,
ஆய்வு மாணவி ஒருத்தி
கொழிஞ்சாம்பாறை